கையெழுத்துக்குச் சாட்சி சொல்லும் கையெழுத்து

'அட்டெஸ்டேஷன்' என்றதும் தமிழ்நாட்டில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவுக்கு வருவது பச்சை மைதான். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, தெரிந்த தலைமையாசிரியரையோ அரசு மருத்துவரையோ தேடிப் போக வேண்டும். அவர் அசலையும் நகலையும் ஒத்துப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தருவார். மத்திய அரசு 2014-இல் சுயசான்றொப்பம் போதும் என்று வலியுறுத்திய பிறகு அந்த அலைச்சல் பெருமளவு குறைந்தது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அதனால்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த ஒரு பட்டதாரி, "சர்டிபிகேட்டை அட்டெஸ்ட் பண்ணி அப்போஸ்டில் வாங்கணும்" என்று வீட்டில் சொன்னால், "நம்ம தலைமையாசிரியர்கிட்ட போனா ஒரு நாள்ல முடிச்சுத் தருவாரே" என்கிறார் அப்பா.

அந்த வேலை ஒரு நாளில் முடியாது. அது எதற்காக, யார் யாரிடம் போய்த் திரும்புகிறது என்று தெரியாமல் இறங்கினால் பணமும் போகும், சேர்க்கைத் தேதியும் போகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்த பெண், பெயர் கவிதா என்று வைத்துக்கொள்ளலாம். இத்தாலியில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் அனுப்பிய பட்டியலில் பட்டச் சான்றிதழுக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கும் அப்போஸ்டில் வேண்டும் என்று இருக்கிறது. கவிதாவின் கையில் சான்றிதழ்கள் இருக்கின்றன. அவை உண்மையானவை. ஆனால் அது உண்மை என்று இத்தாலியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அவர் இடத்திலிருந்து பார்த்தால்தான் இந்த ஏற்பாடு முழுவதும் புரியும். அவர் முன்னால் ஒரு காகிதம். அதில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. கையெழுத்துப் போட்டவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் அதிகாரிதானா? அப்படி ஒரு பதவி உண்டா? முத்திரை அசலா? உலகில் எத்தனை ஆயிரம் பல்கலைக்கழகங்கள்! எல்லாவற்றின் கையெழுத்து மாதிரிகளையும் எந்த நாடும் வைத்திருக்க முடியாது. ஆகவே, அவருக்குத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

பழைய காலத்தில் அந்தச் சாட்சி ஒரு சங்கிலியாக வந்தது. பல்கலைக்கழக அதிகாரியின் கையெழுத்து சரிதான் என்று மாநில அரசு அதிகாரி ஒருவர் கையெழுத்திடுவார். மாநில அதிகாரியின் கையெழுத்து சரிதான் என்று வெளியுறவு அமைச்சகம் கையெழுத்திடும். அமைச்சகத்தின் கையெழுத்து சரிதான் என்று டெல்லியில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் கையெழுத்திடும். அந்த நாட்டில் போய் இறங்கிய பிறகு, தூதரகத்தின் கையெழுத்து சரிதான் என்று அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் இன்னொரு முத்திரை போடும். ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரின் கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. இந்தச் சங்கிலி முழுவதற்கும் பொதுவாக வழங்கும் பெயர்தான் அட்டெஸ்டேஷன்.

நெதர்லாந்தில் உள்ள ஹேக் நகரில் 1961 அக்டோபர் 5 அன்று உருவான ஓர் உடன்படிக்கை இந்தச் சங்கிலியின் பின்பாதியை வெட்டியது. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: ஆவணம் பிறந்த நாட்டின் அரசு நியமித்த அதிகாரி ஒரே மாதிரியான படிவத்தில் ஒரு சான்று ஒட்டினால் போதும், தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சான்றின் பெயர் அப்போஸ்டில். பிரெஞ்சுச் சொல், ஓரக்குறிப்பு என்று பொருள். இந்தியா இதில் 2004-இல் சேர்ந்தது. 2005 ஜூலை 14 முதல் நமக்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இதை வழங்குவது வெளியுறவு அமைச்சகம். இத்தாலியும் இந்த உடன்படிக்கையில் இருக்கிறது. எனவே கவிதாவின் சான்றிதழ் அப்போஸ்டிலோடு நின்றுவிடும்.

அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். சான்றிதழின் பின்பக்கம் ஒட்டிய ஒரு சிறு சதுரம். உடன்படிக்கைப்படி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தலைப்பு எந்த நாடானாலும் பிரெஞ்சு மொழியில்தான் இருக்கும். கீழே 10 எண்ணிட்ட வரிகள். முதல் வரியில் நாட்டின் பெயர். இரண்டாவதில் ஆவணத்தில் கையெழுத்திட்டவரின் பெயர், மூன்றாவதில் அவர் என்ன பதவியில் கையெழுத்திட்டார் என்பது, நான்காவதில் எந்த அலுவலகத்தின் முத்திரை இருக்கிறது என்பது. அடுத்த வரிகளில் ஊர், தேதி, சான்று தந்த அதிகாரம், வரிசை எண். கடைசி இரண்டும் முத்திரையும் கையெழுத்தும்.

இரண்டாவது வரியைக் கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டும். கவிதா அங்கே தன் பல்கலைக்கழக அதிகாரியின் பெயரை எதிர்பார்ப்பாள். பெரும்பாலும் அங்கே இருப்பது மாநில அரசின் அதிகாரி ஒருவரின் பெயர். காரணம் எளிது. இந்தியாவில் உள்ள அத்தனை பல்கலைக்கழகங்களின் கையெழுத்துகளும் வெளியுறவு அமைச்சகத்திடம் இல்லை. மாநில அரசுகள் நியமித்த குறிப்பிட்ட அதிகாரிகளின் கையெழுத்து, முத்திரை மாதிரிகள் மட்டுமே அதனிடம் உண்டு. அமைச்சகம் ஒத்துப் பார்ப்பது அந்த மாதிரியோடுதான். அதனால்தான் மாநில அரசின் சான்று இல்லாத பட்டத்தை நேராக நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போஸ்டில் சங்கிலியின் பின்பாதியை வெட்டியதே தவிர, முன்பாதி அப்படியே இருக்கிறது.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று வருகிறது. அப்போஸ்டில் என்ன சொல்கிறது? கையெழுத்து உண்மை, கையெழுத்திட்டவரின் பதவி உண்மை, முத்திரை உண்மை. அவ்வளவே. சான்றிதழில் எழுதியிருப்பது சரி என்று அது சொல்வதில்லை. படிப்பு தரமானது என்றோ, இத்தாலியில் அது இளநிலைப் பட்டத்துக்கு ஈடானது என்றோ சொல்வதில்லை. உடன்படிக்கையே இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. ஈடானதா என்பதை முடிவு செய்ய அந்தந்த நாட்டில் தனி ஏற்பாடு உண்டு. இத்தாலியில் அது இரண்டு வகையில் நடக்கிறது: இத்தாலியத் தூதரகம் தரும் 'மதிப்பு அறிவிப்பு' என்ற ஆவணம் ஒன்று, ரோமில் உள்ள சிமியா என்ற மையம் தரும் ஒப்பீட்டுச் சான்று இன்னொன்று. எது வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் சொல்லும். 'அப்போஸ்டில் வாங்கியாச்சு, இனி பட்டத்தை ஏத்துக்கிட்டே ஆகணும்' என்று நினைத்தால், இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்று பொருள்.

உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அது தமிழர்களை நேரடியாகத் தாக்கும் ஒன்று: பெயர்.

கவிதாவின் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் 'முருகன்' என்று அப்பா பெயர் முழுதாக. பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது 'எச்' என்ற எழுத்து இருக்கிறது. பட்டத்தில் அது இல்லை. நாம் பார்த்தால் எல்லாம் ஒரே பெண். நம் இனிஷியல் வழக்கத்தை அறியாத அலுவலருக்கு மூன்று காகிதத்தில் மூன்று பேர். அப்போஸ்டில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. பிழையோடு இருக்கும் சான்றிதழிலும் கையெழுத்து உண்மையானதுதானே, எனவே பிழைக்கு மேலேயே அது ஒட்டப்படும். பிறகு பல்கலைக்கழகத்தில் பெயரைத் திருத்தினால் புதிய சான்றிதழ் வரும்; அதற்கு மாநில அரசிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். இனிஷியல் விரிவு மட்டும்தான் வேறுபாடு என்றால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் எடுபடுகிறது. எழுத்தே மாறியிருந்தால் திருத்துவதுதான் வழி. எந்த முத்திரைக்கும் முன்னால், கடவுச்சீட்டையும் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது நல்லது. பிறந்த தேதியையும் கூடவே பார்த்துவிடலாம்.

கவிதாவுக்கு முதல் தடை வேறொரு இடத்தில் வருகிறது. ஊரில் நகல் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில்.

"என்னம்மா, எல்லாத்தையும் லேமினேட் போட்டு வச்சிருக்கீங்க? பின்னாடி சீல் எங்க குத்துவாங்க?"

"அப்பாதான்ணே, பத்திரமா இருக்கட்டும்னு போட்டு வச்சாரு."

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த அன்றே கடைக்கு எடுத்துப் போய் இருபுறமும் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் சான்றொப்பம் என்பது அசல் காகிதத்தின் மேல் மை படவும், ஒட்டவும் வேண்டிய வேலை. பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. ஒட்டிய தாளைப் பிரித்து வேறொன்றில் ஒட்டவும் முடியும் என்பதால் அலுவலகங்கள் உறையிட்ட சான்றிதழை ஏற்பதில்லை. சூடு காட்டிப் பிரித்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. பிரிக்கும்போது எழுத்தோ முத்திரையோ பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டால், இருந்ததும் போகும். சான்றிதழ் வழங்கிய இடத்தில் மாற்றுப் பிரதிக்கு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. அதற்கு ஆகும் வாரங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கவிதாவின் பட்டச் சான்றிதழுக்கு நல்லவேளையாக உறை போடவில்லை. அது போகும் வழியைப் பார்ப்போம். முதலில் பல்கலைக்கழகம். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். எனவே கல்லூரி முதல்வரின் கையெழுத்து இங்கே உதவாது. சான்றிதழ் தங்களிடமிருந்து வந்ததுதான் என்று பல்கலைக்கழகம் தன் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதை உண்மைத்தன்மைச் சான்று என்பார்கள். பேச்சுவழக்கில் 'ஜெனியூன்னஸ்'. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களானால் இந்த வேலையைச் செய்வது சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். இந்த முழுச் சங்கிலியிலும் உள்ளடக்கத்தை உண்மையாகவே சரிபார்க்கும் கண்ணி இது ஒன்றுதான். மதிப்பெண்ணும் பதிவெண்ணும் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று இங்கேதான் பார்க்கிறார்கள். அதனால் நாட்கள் அதிகம் போவதும் இங்கேதான். பின்னால் வரும் எல்லா முத்திரைகளும் இந்த ஒரு சரிபார்ப்பின் தோளில்தான் நிற்கின்றன.

அடுத்து மாநில அரசு. பட்டங்களுக்குத் தலைமைச் செயலகத்தில் உள்ள உயர்கல்வித் துறை. ஏஜென்சிக்காரர்கள் இதை 'எச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன்' என்பார்கள், மனிதவளத் துறை என்று வழங்கிய பழைய பெயரின் எச்சம். அதன் பிறகு வெளியுறவு அமைச்சகம். 2012 ஜூலை முதல் அமைச்சகம் பொதுமக்களிடமிருந்து ஆவணங்களை நேரில் வாங்குவதில்லை. அது அங்கீகரித்த சேகரிப்பு நிறுவனங்கள் வழியாகத்தான் தர வேண்டும். முன்பு எல்லாம் டெல்லிக்குப் போய்த் திரும்பின. 2019 முதல் சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் உள்ள அமைச்சகக் கிளைகளிலேயே இந்த வேலை நடக்கிறது.

இந்த மூன்று படிகளையும் இணையத்தில் ஒரே விண்ணப்பமாக இணைக்கும் முயற்சிதான் 'இ-சனத்'. முகவரி esanad.nic.in. விண்ணப்பதாரர் சான்றிதழைப் பதிவேற்றினால், அதை வழங்கிய நிறுவனம் தன் பதிவேட்டில் சரிபார்க்கும். பிறகு மாநில அதிகாரியின் பார்வைக்கும், அங்கிருந்து அமைச்சகத்துக்கும் விண்ணப்பம் நகரும். எந்தப் படியில் நிற்கிறது என்று திரையிலேயே தெரியும். தேனியிலிருந்து சென்னைக்கு மூன்று முறை பேருந்து ஏற வேண்டிய ஒருவருக்கு இது பெரிய விடுதலை. படித்த பல்கலைக்கழகமோ தேர்வு வாரியமோ இந்தத் தளத்தில் இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைந்திராவிட்டால் முதல் படியை நேரில்தான் ஏற வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஆவணத்துக்கு அப்போஸ்டில் போட அமைச்சகம் வாங்குவது 50 ரூபாய். சேகரிப்பு நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் பல்கலைக்கழகச் சரிபார்ப்புக் கட்டணமும் தனி. வெளியே தனியார் ஏஜென்சிகள் ஒரு சான்றிதழுக்கே ஆயிரக்கணக்கில் கேட்பது அவர்களுடைய அலைச்சலுக்கான கூலி. அலைய முடியாதவர் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் எந்த வழியில் முத்திரை வாங்கப் போகிறார்கள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

மாநில உயர்கல்வித் துறைக்குப் போகாமலே அப்போஸ்டில் வாங்கும் ஒரு குறுக்குவழி உண்டு. சான்றிதழையோ அதன் நகலையோ நோட்டரி ஒருவரிடம் காட்டி, டெல்லியில் துணைக் கோட்ட நீதிபதி ஒருவரின் சான்று வாங்கி, அதை அமைச்சகத்துக்குக் கொண்டுபோவது. ஏஜென்சி வட்டாரத்தில் இதற்கு 'எஸ்.டி.எம். ரூட்' என்று பெயர். வேகமாக முடியும். ஒட்டப்படும் சதுரமும் உண்மையானதே. ஆனால் இரண்டாவது வரியை இப்போது படித்துப் பாருங்கள். அங்கே இருப்பது உயர்கல்வித் துறை அதிகாரியின் பெயர் அல்ல. பல்கலைக்கழகப் பதிவேட்டை யாரும் திறந்தே பார்க்கவில்லை. சில நாடுகளும் சில பல்கலைக்கழகங்களும் இதையும் ஏற்கின்றன. கல்விச் சான்றிதழுக்கு மாநிலக் கல்வித் துறையின் முத்திரைதான் வேண்டும் என்று கேட்கும் தூதரகங்களும் இருக்கின்றன; அங்கே இது செல்லாது. கொடுத்த பணம் திரும்பாது, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

நகலுக்கு வாங்கும் அப்போஸ்டிலிலும் இதே சிக்கல். நோட்டரி 'இது அசலின் உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்ட ஜெராக்ஸ் தாளுக்கு அப்போஸ்டில் ஒட்டினால், அது சாட்சி சொல்வது நோட்டரியின் கையெழுத்துக்குத்தான். பல்கலைக்கழகத்தின் கையெழுத்து வெறும் படமாக நகலில் இருக்கிறது. அதைப் பற்றி அந்தச் சதுரம் ஒன்றுமே சொல்லவில்லை. 'பட்டத்துக்கு அப்போஸ்டில்' என்று கேட்ட இடத்தில் இதை நீட்டினால், விவரம் தெரிந்த அலுவலர் திருப்பி அனுப்புவார். அது நியாயமும்கூட.

சரி, எல்லா நாடுகளுக்கும் அப்போஸ்டில்தானா? ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் ஹேக் உடன்படிக்கையில் இல்லை. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவருக்குப் பழைய முழுச் சங்கிலிதான்: மாநில அரசு, வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், அந்த நாட்டுத் தூதரகம், போய் இறங்கிய பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகம். அமைச்சகத்தின் முத்திரை இரண்டு வகை என்பதையும், எந்த நாடு என்று விண்ணப்பத்தில் எழுதுகிறோமோ அதைப் பொறுத்தே வகை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலும், சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னால் சவுதிக்குப் போன சித்தப்பா தூதரகம் வரை அலைந்தார் என்பதற்காக இன்று போகிறவரும் அலைய வேண்டியதில்லை. ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியல், தேதிகளோடு இருக்கிறது. ஏஜென்சிக்காரர் சொல்வதை அதோடு ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஜெர்மனியின் பெயருக்கு வந்ததும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜெர்மனி உறுப்பு நாடு. இந்தியாவும் உறுப்பு நாடு. ஆனாலும் இரண்டுக்கும் இடையே அப்போஸ்டில் செல்லாது. புதிதாகச் சேரும் நாட்டை மறுக்க ஏற்கெனவே இருக்கும் நாடுகளுக்கு உடன்படிக்கையில் உரிமை உண்டு. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அந்த உரிமையைப் பயன்படுத்தியது. இது தெரியாமல் ஜெர்மனிக்குப் போகும் மாணவர்கள் சான்றிதழ்களுக்கெல்லாம் அப்போஸ்டில் ஒட்டிக்கொண்டு போவது வீண் செலவு. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மனியில் படிக்க விசா கேட்கும்போது ஏ.பி.எஸ். என்ற கல்வி மதிப்பீட்டு மையத்தின் சான்றைக் காட்ட வேண்டும். சான்றிதழ்கள் உண்மைதானா என்பதை அந்த மையமே பரிசோதித்துவிடுகிறது. கையெழுத்துச் சங்கிலியை நம்பாமல், உள்ளடக்கத்தை நேரே பார்க்கும் முறை என்று இதைச் சொல்லலாம். என் கணிப்பில், மாணவர் சேர்க்கையைப் பொறுத்தவரை இதுதான் கூடுதல் பொருளுள்ள ஏற்பாடு.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குப் பொதுவாக அப்போஸ்டில் கேட்பதே இல்லை. அவை வேறு விதமாக உறுதிப்படுத்திக்கொள்கின்றன. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே ஒட்டி முத்திரையிட்ட உறையில் அனுப்பச் சொல்வது, மின்னஞ்சல் வழியாக நேரடியாகக் கேட்பது, மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கையைக் கேட்பது என்று. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் வாங்கி வைக்கச் சொல்லும் ஆலோசனையை நம்ப வேண்டாம். எந்த ஆவணத்துக்கு, அசலுக்கா நகலுக்கா, எந்த வகை முத்திரை, மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால், பதில் எழுத்தில் வரும். அந்தப் பதிலைக் காட்டித்தான் ஏஜென்சியிடம் பேச வேண்டும். பட்டமளிப்பு விழாவில் தரும் பட்டச் சான்றிதழே வேண்டுமா, புரொவிஷனல் போதுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். நம் ஊரில் புரொவிஷனலோடு வேலைக்குப் போய், பட்டத்தை வாங்காமலே ஆண்டுகள் கடத்துகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு இந்த ஒரு கேள்வி பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. பின்பக்கத்துச் சதுரமும் ஆவணத்தின் பகுதியாகிவிடுகிறது. அதில் உள்ள 10 வரிகளும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். மொழிபெயர்த்த பிறகு அப்போஸ்டில் வாங்கினால், முடித்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஸ்கேன் எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். முன்பக்கம் மட்டும் அனுப்பிவிட்டு, அப்போஸ்டில் எங்கே என்று பல்கலைக்கழகம் கேட்கும்போது திகைப்பவர்கள் உண்டு.

காலாவதியாகுமா என்பது அடிக்கடி எழும் சந்தேகம். உடன்படிக்கையில் அப்போஸ்டிலுக்குக் காலவரம்பு எதுவும் இல்லை. இன்று பட்டத்துக்கு வாங்கியதைச் சில ஆண்டுகள் கழித்து முனைவர் படிப்புக்கு, வேறொரு உறுப்பு நாட்டிலும் காட்டலாம். காவல்துறை நற்சான்று போன்றவற்றின் கதை வேறு. அங்கே ஆவணமே பழையதாகிவிடுகிறது, எனவே புதிது வாங்கி அதற்கு மறுபடி முத்திரை பெற வேண்டும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டாவது வரியில் உள்ள எண்ணே போதும். வழங்கிய ஒவ்வொரு அப்போஸ்டிலையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்றும், யார் கேட்டாலும் அந்தப் பதிவோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் உடன்படிக்கை விதிக்கிறது. இந்தியாவில் அந்த எண்ணை இணையத்திலேயே சரிபார்க்கலாம். வெளிநாட்டு அலுவலர் முதலில் செய்வதும் அதுதான். எனவே சான்றிதழ் ஏஜென்சியிடமிருந்து திரும்பி வந்த அன்றே, வாங்கியவரே எண்ணைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். எண் வரவில்லையென்றால் விமானம் ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? கூடவே இரண்டாவது, மூன்றாவது வரிகளையும் படிக்க வேண்டும். யாருடைய கையெழுத்துக்கு இது சாட்சி என்று அவை சொல்லிவிடும்.

கவிதாவின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. அவளுடைய பல்கலைக்கழகம் அதைக் கேட்கவில்லை என்பதால் இந்த முறை தப்பித்தாள். உங்கள் வீட்டில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதிய பிள்ளை இருந்தால், வரப்போகும் சான்றிதழை லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். ஈரம் படாத ஒரு ஃபைலில், மடிக்காமல் வைத்தால் போதும்.